ஒரு மணி நேர அனுமதிக்கு நாலு வரி போதும்

அலுவலகத்தில் ஒரு நாள் விடுப்பு கேட்பது பலருக்குச் சுலபமாக இருக்கிறது. அதற்குப் படிவம் உண்டு, கணக்கு உண்டு, மீதி எத்தனை நாள் என்று பார்க்க ஏடும் உண்டு. ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புவதற்கோ, காலையில் ஒரு மணி நேரம் தாமதமாக வருவதற்கோ எழுதச் சொன்னால்தான் பேனா தடுமாறுகிறது. 'பெர்மிஷன்' என்று எல்லோரும் சொல்லும் இந்தச் சின்ன அனுமதியைச் சிலர் வாசலில் நின்று வாயால் கேட்டு முடித்துக்கொள்கிறார்கள். சிலர் ஒரு பக்கத்துக்குக் குடும்பக் கதை எழுதுகிறார்கள். வாயால் வாங்கிய அனுமதி ஏட்டில் இருக்காது. ஒரு பக்கக் கடிதத்தில் கதை இருக்கும், நேரம் இருக்காது.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். மாவட்டத் தலைநகரில் ஓர் அரசு அலுவலகம். காலை 10 மணிக்குத் தொடங்கி மாலை 5.45-க்கு முடிகிறது. அங்கே சம்பளப் பட்டியல் பார்க்கும் இளநிலை உதவியாளர் ஒருவர். அவருடைய தாயாருக்குக் கண்புரை அறுவை நடந்திருக்கிறது. மறுபரிசோதனைக்கு வியாழக்கிழமை மாலை 5 மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். புதன்கிழமை மதியம் அவர் எழுதும் கடிதம் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

"மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய ஐயா அவர்களுக்கு, வணக்கம். நான் தங்கள் அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகப் பணியாற்றி வருகிறேன். எனது தாயாருக்குக் கடந்த மாதம் கண்புரை அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டது. அன்றிலிருந்து அவருக்குக் கண்ணில் நீர் வடிவதும் உறுத்தலும் இருந்து வருகின்றன. எனது தம்பி வெளியூரில் வேலை பார்ப்பதால் அவரை அழைத்துச் செல்ல வீட்டில் வேறு யாரும் இல்லை. ஆகையால் நாளை மாலை சற்று முன்னதாகச் செல்ல வேண்டியுள்ளது. எனவே தாங்கள் பெரிய மனது வைத்து எனக்கு அனுமதி அளிக்குமாறு மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."

இதில் பொய் ஏதும் இல்லை, மரியாதைக் குறைவும் இல்லை. ஆனாலும் கண்காணிப்பாளர் இதைப் படித்துவிட்டு அவரைக் கூப்பிடத்தான் செய்வார். அப்போது நடக்கும் பேச்சு அநேகமாக இப்படி இருக்கும்.

"எத்தனை மணிக்கும்மா கிளம்பணும்?"

"நாலே முக்காலுக்கு சார்."

"அப்போ ஒரு மணி நேரம். சம்பளப் பட்டியல் என்ன ஆச்சு?"

"நாளைக்கு மூணு மணிக்குள்ள முடிச்சு உங்க டேபிள்ல வச்சிடுறேன் சார்."

"இந்த மாசம் ஏற்கெனவே பெர்மிஷன் எடுத்திருக்கீங்களா?"

"இல்ல சார், இதுதான் முதல்."

"சரி, போயிட்டு வாங்க. இதையே எழுதியிருந்தா உங்களைக் கூப்பிட்டே இருக்க மாட்டேனே."

அவர் கேட்டவை மூன்றே கேள்விகள்: எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை, கையில் இருக்கும் வேலை என்ன ஆகும், இந்த மாதக் கணக்கில் இது எத்தனையாவது. அனுமதி தருகிறவரின் முடிவு இந்த மூன்றில்தான் நிற்கிறது. ஏழு வாக்கியக் கடிதத்தில் இந்த மூன்றுமே இல்லை. கண்ணில் நீர் வடிவதைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. தம்பி எங்கே வேலை பார்க்கிறார் என்றும் கேட்கவில்லை.

அதே கடிதத்தை மறுபடி எழுதுவோம்.

பொருள்: 12.03.2026 அன்று மாலை ஒரு மணி நேர அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

ஐயா,

என் தாயாரை மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருப்பதால், 12.03.2026 வியாழக்கிழமை மாலை 4.45 மணி முதல் 5.45 மணி வரை ஒரு மணி நேரம் அனுமதி வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மார்ச் மாதச் சம்பளப் பட்டியலை அன்று பிற்பகல் 3 மணிக்குள் முடித்துச் சரிபார்ப்புக்கு வைத்துவிடுவேன். இந்த மாதத்தில் நான் கேட்கும் முதல் அனுமதி இது.

இப்படிக்கு,
(கையொப்பம், பெயர், பதவி, பிரிவு)
11.03.2026

மேலே அனுப்புநர், பெறுநர் என்ற இரண்டு தலைப்புகளும் வழக்கம்போல் வரும். அலுவலருக்கு நேரே எழுதாமல் கண்காணிப்பாளர் மூலம் போக வேண்டிய இடமாக இருந்தால் பெறுநர் முகவரிக்குக் கீழே 'கண்காணிப்பாளர் வழியாக' என்று ஒரு சொல் சேரும். மற்றபடி உடலில் மூன்று வாக்கியங்கள். படிக்க அரை நிமிடம் ஆகாது. ஓரத்தில் 'அனுமதிக்கப்படுகிறது' என்று எழுதிச் சுருக்கொப்பம் போடக் கை தயங்காது.

முதல் வாக்கியத்தில் காரணம், நாள், கிழமை, தொடங்கும் நேரம், முடியும் நேரம், மொத்த நேரம் எல்லாம் வந்துவிட்டன. நாளோடு கிழமையையும் எழுதுவது மிகையல்ல. தேதியில் ஓர் எண் பிழையாகிவிட்டால் கிழமை அதைக் காட்டிக்கொடுக்கும். மொத்த நேரத்தைத் தனியாகச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. 'ஒரு மணி நேரம்' என்பதுதான் ஏட்டில் ஏறும் கணக்கு. படிப்பவர் கழித்துப் பார்த்து அதைக் கண்டுபிடிக்கும்படி விடக்கூடாது.

'நாளை', 'இன்று' என்ற சொற்களை இந்தக் கடிதத்தில் எழுதவே கூடாது. புதன்கிழமை எழுதிய கடிதம் வியாழக்கிழமை காலையில்தான் அலுவலர் கைக்குப் போகிறது என்றால், அவர் படிக்கும் 'நாளை' வெள்ளிக்கிழமை ஆகிவிடும். மூன்று மாதம் கழித்து ஏட்டோடு கடிதங்களை ஒப்பிடுகிறவருக்கு 'நாளை மாலை' என்ற சொல்லால் எந்தப் பயனும் இல்லை. அதேபோல, கடிதம் எழுதிய நாளும் அனுமதி வேண்டும் நாளும் வெவ்வேறு இடத்தில் தெளிவாக இருக்க வேண்டும். கீழே கையொப்பத்தோடு ஒரு தேதி மட்டும் இருந்தால் அதையே அனுமதி நாளாக ஏட்டில் ஏற்றிவிடும் ஆபத்து இருக்கிறது.

'சற்று முன்னதாக', 'சிறிது தாமதமாக' என்பவையும் அப்படித்தான். கேட்கிறவருக்குச் 'சற்று' என்றால் ஒன்றரை மணி நேரமாக இருக்கலாம், கொடுக்கிறவர் மனத்தில் அது அரை மணி நேரமாக இருக்கலாம். இருவரும் நல்லெண்ணத்தோடு இருந்தும் மறுநாள் மனத்தாங்கல் வருவது இந்த ஒரு சொல்லால்தான்.

மணிக்கணக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு விதியிலும் காரணம் இருக்கிறது. மத்திய அரசு அலுவலகங்களில் ஒவ்வொரு தாமத வருகைக்கும் அரை நாள் தற்செயல் விடுப்பைக் கழிக்க வேண்டும் என்பது பொது விதி. ஆனால் ஒரு மணி நேரம் வரையான தாமதத்தை, நியாயமான காரணம் இருந்தால், மாதத்துக்கு இரண்டு முறைக்கு மிகாமல் அதிகாரம் பெற்ற அலுவலர் பொறுத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டு அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் பெரும்பாலும் பேசப்படும் கணக்கும் இதுவே: ஒரு தடவைக்கு ஒரு மணி நேரம், மாதம் இரண்டு. தனியார் நிறுவனங்களில் ஒன்றுக்கொன்று மாறும். சில இடங்களில் மாதத்துக்கு மொத்தம் இரண்டு மணி நேரம் என்பார்கள், அதை நான்கு அரை மணி நேரமாகப் பிரித்துக்கொள்ளவும் விடுவார்கள். உங்கள் இடத்தில் எது என்பதைப் பணியாளர் பிரிவில் ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால் 4.40-க்குக் கிளம்புகிறேன் என்று எழுதினால் அது ஒரு மணி ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடம் அனுமதியை அரை நாள் விடுப்பாக்கிவிடக்கூடும். கண் மருத்துவமனை பக்கத்தில்தான் இருக்கிறது என்றால் 4.45 என்று எழுதி 4.45-க்கே எழுந்திருப்பதுதான் சரி.

இந்த விதிகளைப் பார்க்கும்போது 'இந்த மாதத்தில் முதல் அனுமதி' என்ற வாக்கியத்தின் வேலையும் புரியும். அலுவலர் ஏட்டைப் புரட்ட வேண்டியதில்லை. அது இரண்டாவது என்றால் 'இரண்டாவது' என்றே எழுதலாம். மூன்றாவது என்றால் அனுமதியாகக் கேட்காமல் அரை நாள் தற்செயல் விடுப்புக்கே விண்ணப்பிப்பது மேல். கணக்கு மீறியதைக் கடிதத்தில் மறைத்து, ஏட்டைப் பார்த்து அலுவலர் கண்டுபிடித்தால், அடுத்த முறை நீங்கள் எழுதும் உண்மையான காரணத்தையும் அவர் ஒரு தடவைக்கு இரண்டு தடவை படிப்பார்.

காரணம் எவ்வளவு சொல்ல வேண்டும் என்பதில்தான் பலருக்குக் குழப்பம். என் கருத்தில், ஒரு மணி நேர அனுமதிக்கு எந்த வகை வேலை என்று சொன்னால் போதும்: மருத்துவப் பரிசோதனை, பள்ளிப் பெற்றோர் கூட்டம், வங்கி வேலை, பத்திரப் பதிவு. நோயின் பெயர் வேண்டாம். தாயாருடைய உடல்நிலை, மகளுடைய மதிப்பெண், கடன் விவரம் இவையெல்லாம் அலுவலகக் கோப்பில் பத்து வருடம் கிடக்க வேண்டிய செய்திகள் அல்ல. எழுதிக் கொடுத்த காகிதம் மூன்று நான்கு மேசைகளைத் தாண்டித்தான் கோப்புக்குப் போகிறது என்பதை எழுதும்போதே நினைத்துக்கொள்ள வேண்டும். கூடுதல் விவரம் சொன்னால்தான் நம்புவார் என்ற சந்தேகம் இருந்தால் அதை நேரில் சொல்லலாம்.

'சொந்த வேலை காரணமாக' என்று மட்டும் எழுதலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வழக்கமான நாளில் எழுதலாம், பல அலுவலகங்களில் அது ஏற்கப்படுகிறது. ஆனால் தணிக்கை நடக்கும் நாள், கணக்கு முடிக்கும் வாரம், ஆய்வுக்கு மேலதிகாரி வரும் நாள் என்றால் அனுமதி கொடுப்பவர் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அவர் மேலே சொல்லக்கூடிய ஒரு காரணத்தை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். 'தவிர்க்க இயலாத மருத்துவ முன்பதிவு' என்ற அளவுக்குச் சொன்னால் அவர் கை வலுக்கும்.

பணிவுச் சொற்கள் அதிகமானால் கடிதத்துக்குப் பலம் கூடும் என்ற எண்ணமும் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் விடுப்புக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்தபோதே அது வந்துவிட்டது. 'கேட்டுக்கொள்கிறேன்' என்பதே பணிவான வினைதான். அதற்கு முன்னால் 'பணிவுடன்' என்று ஒன்று சேர்த்தால் அழகு, சேர்க்காவிட்டால் குறைவில்லை. 'பெரிய மனது வைத்து', 'கருணை கூர்ந்து' என்பவை வேறு விதமானவை. விதிக்கு உட்பட்ட ஒன்றைத் தனிப்பட்ட தயவாக அவை மாற்றிவிடுகின்றன. தயவாகக் கேட்டதைத் தயவாகவே மறுக்கவும் செய்யலாம். ஊழியர் சுயமரியாதையோடு கேட்கவும் அலுவலர் விதிப்படி கொடுக்கவும் இடம் இருக்கும்போது, அந்தச் சொற்களை நாமே கொண்டுவந்து வைக்கத் தேவையில்லை. எதிர்ப்பக்கம் 'செல்ல உள்ளேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்' என்று முடிப்பதும் தவறு. முடிவு அவர் கையில் இருக்கும்போது அவர் முடிவைத் தாமே எடுத்துவிட்டதுபோல் ஆகிறது அது.

தெரிவித்துக்கொள்ளலாம் என்ற இடம் ஒன்று உண்டு, அதைத் தாய்மார்கள் அறிந்திருக்க வேண்டும். 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி, பிரசவத்துக்குப் பின் வேலைக்குத் திரும்பும் பெண்ணுக்கு, வழக்கமான ஓய்வு இடைவேளை போக, குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும் வரை தினமும் இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் உண்டு. அதற்கு நாள்தோறும் அனுமதிக் கடிதம் எழுதத் தேவையில்லை. 'சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி எனக்குள்ள பாலூட்டும் இடைவேளைகளை முற்பகல் 11.30-க்கும் பிற்பகல் 3.30-க்கும் எடுத்துக்கொள்ள விரும்புகிறேன், பணிக்கு வேறு நேரம் வசதியெனில் தெரிவிக்கவும்' என்று ஒருமுறை எழுதிக் கொடுத்தால் போதும். மாதத்துக்கு இரண்டு என்ற பெர்மிஷன் கணக்கில் இதைச் சேர்த்துவிடுகிறார்கள் என்றால், இந்தக் கடிதத்தின் நகலே அதைச் சரிசெய்ய உதவும்.

இனி காலையில் தாமதமாக வருவது. மாலையில் முன்னதாகக் கிளம்புகிறவர் தன் வேலையை முடித்து வைத்துவிட்டுப் போகலாம். காலையில் வராதவருடைய வேலை திறக்கப்படாமலே கிடக்கும். மக்கள் வந்து நிற்கும் கவுண்டர் என்றால், முதல் வகுப்பு என்றால், சாவி அவர் கையில் என்றால், அங்கே காரணத்தைவிட மாற்று ஏற்பாடுதான் முக்கியம். அதனால் தாமத வருகைக் கடிதத்தில் அந்த ஏற்பாட்டுக்குத் தனி வாக்கியம் வேண்டும். ஓர் ஆசிரியை எழுதுவதாக வைத்துக்கொண்டால்:

"வங்கிப் பணி காரணமாக, 16.03.2026 திங்கட்கிழமை காலை 9.30 மணிக்குப் பதிலாக 10.30 மணிக்குப் பணிக்கு வர அனுமதி வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அன்று முதல் பாடவேளையில் 8-ஆ வகுப்பை அறிவியல் ஆசிரியர் கவனித்துக்கொள்ளச் சம்மதித்துள்ளார். அவருடைய கணித வகுப்புக்கான மாற்றுப் பாடவேளையை நான் பிற்பகலில் எடுத்துக்கொள்வேன்."

'சம்மதித்துள்ளார்' என்ற சொல்லை அவரிடம் கேட்ட பிறகுதான் எழுத வேண்டும். கேட்காமல் எழுதி, தலைமையாசிரியர் அவரைக் கூப்பிட்டு விசாரிக்கும்போது அவர் விழித்தால், அந்தக் கடிதம் அங்கேயே முடிந்துவிடும். '9.30-க்குப் பதிலாக 10.30' என்று இரண்டு நேரத்தையும் சொல்வதும் அவசியம். '10.30-க்கு வருகிறேன்' என்று மட்டும் சொன்னால் எவ்வளவு தாமதம் என்பது அந்தப் பள்ளியின் நேரம் தெரிந்தவருக்கு மட்டுமே விளங்கும்.

தனியார் அலுவலகங்களில் இதெல்லாம் இப்போது மின்னஞ்சலிலோ வாட்ஸ்ஆப்பிலோ நடக்கிறது. வடிவம் சுருங்கினாலும் உள்ளே இருக்க வேண்டியவை அவையேதான். "வணக்கம் சார். 16.03.2026 திங்கள் காலை வங்கி வேலை இருக்கிறது. 9.30-க்குப் பதில் 10.30-க்கு வர அனுமதி தேவை. 10 மணிக் கூட்டத்துக்கான அறிக்கையை ஞாயிறு இரவே அனுப்பிவிடுகிறேன்." வாட்ஸ்ஆப்பில் இரண்டு நீல டிக் வந்ததை அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர் 'சரி' என்றோ 'ஓகே' என்றோ எழுத வேண்டும். குழுவில் போடாமல் அவருக்குத் தனியாக அனுப்ப வேண்டும். அந்தப் பதிலை அழிக்காமல் மாதச் சம்பளம் வரும் வரையாவது வைத்திருக்க வேண்டும். பயோமெட்ரிக் கருவிக்கு உங்கள் அனுமதி தெரியாது. அது 10.30 என்றுதான் பதியும். மாதக் கடைசியில் பணியாளர் பிரிவு அந்தப் பதிவை எடுத்துப் பார்க்கும்போது, அனுமதி கொடுத்த அலுவலருக்கே அந்த நாள் மறந்திருக்கும்.

ஆலைகளில் கதை இன்னும் கறாரானது. நூற்பாலையில் ஓடும் மிஷினை விட்டுவிட்டு நடக்க முடியாது. அங்கே அனுமதிச் சீட்டில் மேஸ்திரியோ ஷிஃப்ட் மேற்பார்வையாளரோ முதலில் தேடுவது காரணத்தை அல்ல, பதிலாக நிற்கப்போகிறவரின் பெயரை. சீட்டு அச்சடித்துத்தான் இருக்கும். பெயர், எண், பிரிவு, வெளியேறும் நேரம், திரும்பும் நேரம். பலர் கடைசிக் கட்டத்தை வெறுமனே விட்டுவிடுகிறார்கள். திரும்பி வரப்போவதில்லை என்றால் அங்கே 'ஷிஃப்ட் முடியும் வரை' என்று எழுத வேண்டும். வெளியேறும் நேரத்தை வாசல் காவலரிடம் பதிவு செய்யாமல் போவது இன்னும் ஆபத்து. தீ விபத்துபோல் ஏதாவது நடந்து ஆட்களை எண்ணும்போது, ஏட்டுப்படி உள்ளே இருக்க வேண்டிய ஒருவரைத் தேடி மற்றவர்கள் உள்ளே போக வேண்டியிருக்கும்.

கூலி கணக்கும் அந்த நேரத்தில்தான் நிற்கிறது. வேலைக்கு வராத நேரத்துக்குப் பிடிக்கும் தொகை, அந்த நேரத்தின் விகிதத்தைத் தாண்டக்கூடாது என்று 1936-ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டம் வகுத்தது. அதன் இடத்துக்குக் கொண்டுவரப்பட்ட 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அதே கொள்கைதான் இருக்கிறது. எட்டு மணி நேர ஷிஃப்டுக்கு 640 ரூபாய் கூலி என்றால், இரண்டு மணி நேரம் முன்னதாகக் கிளம்பியவருக்கு 160 ரூபாய் வரை பிடிக்கலாம். அரை நாள் என்று சொல்லி 320 ரூபாய் பிடித்தால் அது விகிதத்தைத் தாண்டுகிறது. ஆனால் சீட்டில் தொழிலாளியே 'அரை நாள் அனுமதி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால், அவர் எப்போது கிளம்பினார் என்பதற்கு வேறு சான்று தேட வேண்டியிருக்கும். '3 மணி முதல் 5 மணி வரை' என்று எழுதியிருந்தால் அந்த வாதமே எழாது.

அனுமதி கேட்ட பிறகு நடக்கும் தவறுகளில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அலுவலர் கூட்டத்தில் இருக்கிறார், கிளம்பும் நேரம் ஆகிவிட்டது, கடிதத்தை அவர் மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். மேசையில் வைத்தது வேண்டுகோள் மட்டுமே. அது அனுமதி ஆகாது. அவர் ஒப்பமிடுவதற்குள் நீங்கள் இருக்கையில் இல்லை என்றால் விதிப்படி அது அனுமதியின்றி வெளியேறியதுதான். அதனால்தான் முதல் நாளே எழுதிக் கொடுக்க வேண்டும் என்கிறோம். அதே நாளில்தான் தெரிய வந்தது என்றால், அலுவலருக்கு அடுத்த நிலையில் இருப்பவரிடம் நேரில் சொல்லி, கடிதத்தில் அவருடைய ஒப்பத்தை வாங்கி, 'மூவ்மெண்ட் ரெஜிஸ்டர்' இருக்கும் இடமென்றால் அதிலும் எழுதிவிட்டுக் கிளம்ப வேண்டும். அனுமதிக்கப்பட்ட நேரத்துக்குள் திரும்ப முடியாது என்று தெரிந்தால், அந்த நேரம் முடிவதற்கு முன்பே ஒரு செய்தி அனுப்ப வேண்டும்: "10.30 வரை அனுமதி பெற்றிருந்தேன். வங்கியில் தாமதமாகிறது. 11 மணிக்குள் வந்துவிடுவேன். கூடுதல் அரை மணி நேரத்துக்கு அனுமதி தேவை." 10.50-க்கு அனுப்பும் அதே செய்தி விளக்கமாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும்.

கடைசியாக, முன்கூட்டிக் கேட்கவே முடியாத தாமதம். பஸ் வழியில் நின்றுவிட்டது, ரயில் வரவில்லை, வீட்டில் ஒருவருக்குத் திடீரென்று முடியவில்லை. இங்கே பலர் செய்யும் பிழை, நடந்து முடிந்ததற்கு 'அனுமதி வழங்குமாறு' எழுதுவது. காலை 10 மணி தாண்டிய பின் 10 மணிக்கான அனுமதியை யாரும் கொடுக்க முடியாது. அப்போது வேண்டுவது தாமதத்தை ஏற்றுக்கொண்டு ஏட்டில் ஒழுங்குபடுத்துவது. வழியிலிருந்தே ஒரு வரிச் செய்தி, வந்ததும் ஒரு கடிதம், இரண்டும் தேவை. கடிதம் இப்படி இருக்கலாம்:

"18.03.2026 புதன்கிழமை காலை நான் பயணம் செய்த பேருந்து வழியில் பழுதடைந்ததால், 10.00 மணிக்கு வர வேண்டிய நான் 10.40 மணிக்குப் பணிக்கு வந்தேன். இது குறித்துக் காலை 9.50 மணிக்குக் கைபேசியில் தெரிவித்திருந்தேன். இந்த 40 நிமிடத் தாமதத்தை ஏற்று, இம்மாத இரண்டாவது அனுமதியாகக் கருதுமாறு கேட்டுக்கொள்கிறேன். தாமதத்துக்கு வருந்துகிறேன்."

'இரண்டாவது அனுமதியாகக் கருதுமாறு' என்ற சொற்கள்தான் இதில் முக்கியம். அவை இல்லையென்றால் அலுவலருக்கு முன்னால் ஒரு விளக்கம் மட்டும் இருக்கும், என்ன செய்ய வேண்டும் என்பது இருக்காது. அவர் படித்துவிட்டுக் கோப்பில் வைப்பார். ஏட்டில் அன்றைய கட்டத்தில் தாமத வருகைக் குறி அப்படியே நிற்கும், மாதக் கடைசியில் அது அரை நாளாகிவிடும். வருத்தம் தெரிவிப்பதற்கு ஒரு வாக்கியம் போதும், அதுவும் கடைசியில். பஸ்ஸின் பழுதுக்கு இரண்டு முறை வருத்தம் சொன்னால் பழி உங்கள் பக்கம் வந்து உட்கார்ந்துவிடும். ரயில் தாமதம் என்றால் வண்டி எண்ணையும், அது வந்து சேர்ந்த நேரத்தையும் எழுதலாம், பயணச் சீட்டின் நகலை இணைக்கலாம். கடிதத்தை அன்று மதியத்துக்குள் கொடுத்துவிட்டு, மறுநாள் காலை கையெழுத்துப் போடும்போது முந்தைய நாள் கட்டத்தில் என்ன குறி இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். மாறாமல் இருந்தால் அன்றே கண்காணிப்பாளரிடம் கேட்பது எளிது; மாதக் கணக்கு முடிந்த பிறகு அதற்கு இன்னொரு கடிதம் எழுத வேண்டியிருக்கும்.